ஏழாவது வாரம் என்று செயலி சொன்னால்

ஏப்ரல் 19ஆம் தேதி காலை என் தங்கையின் கைப்பேசிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. இன்றோடு ஏழு வாரம் நிறைகிறது, குழந்தை ஒரு புளூபெர்ரிப் பழத்தின் அளவு இருக்கிறது, அதன் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது என்று கர்ப்பகாலச் செயலி அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் புளூபெர்ரியைக் கண்ணால் பார்த்ததில்லை. "நாவல்பழத்தைவிடச் சிறியதாக இருக்குமா அக்கா?" என்று கேட்டாள். அன்று மாலை நான்கு மணிக்கு அவளுக்கு முதல் ஸ்கேன். ஆறு மணிக்கு மறுபடி அழைத்தபோது அவளால் பேச முடியவில்லை. கருப்பைக்குள் 10 மில்லிமீட்டரில் ஒரு சிறிய பை தெரிகிறதாம், பைக்குள் கருவும் இல்லை, துடிப்பும் இல்லை, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

நான் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் செவிலியர். இப்படி அழுதுகொண்டு வருகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கரு நின்றுபோயிருக்கும். மற்றவர்களைப் பயமுறுத்தியது செயலி போட்ட ஒரு கூட்டல் கணக்கு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று தெரிந்துகொள்ள, அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

செயலியில் பெயர் பதிந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள் எது என்பது. எங்கள் பிரிவில் மூத்த செவிலியர்கள் "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?" என்று கேட்பதும் இதைத்தான். அந்த நாளோடு 280 நாளைக் கூட்டினால் பிரசவத் தேதி. அந்த நாளிலிருந்து இன்றுவரை எண்ணி ஏழால் வகுத்தால் எத்தனையாவது வாரம் என்பது வந்துவிடும். செயலியின் உள்ளே நடப்பது அவ்வளவுதான். பழத்தின் படம், இதயத் துடிப்பு பற்றிய வரி, கை முளைக்கிறது, நகம் வளர்கிறது என்ற செய்திகள் எல்லாம் அந்தந்த வாரத்துக்கென்று முன்பே எழுதி வைக்கப்பட்டவை. உங்கள் வயிற்றுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. நாள்காட்டியைத் தினமும் ஒரு தாள் கிழிப்பது போல வாரத்துக்கு ஒரு செய்தியை அனுப்புகிறது.

கணக்கும் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் நேகலேயின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டு என்பது அவர் பெயரிலான விதி. என் தங்கைக்கு அந்த நாள் மார்ச் 1. விதிப்படி டிசம்பர் 8 வரும். செயலியோ 280 நாளை நேராக எண்ணி டிசம்பர் 6 என்று காட்டியது. மாதங்களில் சிலவற்றுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 31 நாள் என்பதால் வரும் வித்தியாசம் இது. இரண்டு செயலிகளில் இரண்டு தேதி காட்டினால், ஒன்று தவறு என்று எண்ணிப் பதற வேண்டாம். இரண்டுமே மதிப்பீடுதான். சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான்.

இந்த இரண்டு நாள் பெரிய விஷயமில்லை. பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு, எல்லாப் பெண்களுக்கும் 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருகிறது, 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகிறது என்று வைத்துக்கொள்கிறது. என் தங்கைக்கு 38 நாளுக்கு ஒரு முறைதான் வரும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். முட்டை வெளியாவதற்கும் அடுத்த மாதவிலக்குக்கும் இடைப்பட்ட காலம் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய 14 நாளாக இருக்கும். ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது அதற்கு முந்தைய பகுதி. ஆகவே அவளுக்கு முட்டை வெளியானது 14ஆம் நாளில் அல்ல, 24ஆம் நாளையொட்டி. செயலியின் கணக்கைவிடக் கரு பத்து நாள் இளையது. ஸ்கேன் எடுத்த மாலையில் அவளுக்கு ஏழு வாரம் ஆகியிருக்கவில்லை, ஐந்து வாரம் நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

ஐந்தரை வாரத்தில் ஸ்கேனில் என்ன தெரிய வேண்டும்? கருப்பைக்குள் ஒரு பை தெரியும். அதனுள் மோதிரம் போல இன்னொரு சிறு வளையம் தெரியலாம். கருவுக்கு ஆரம்ப ஊட்டம் தரும் பை அது. அறிக்கையில் 'யோக் சாக்' என்று எழுதுவார்கள். கருவும் துடிப்பும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது ஆறு வாரத்தை ஒட்டியே. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் சில நாள் தள்ளியும் தெரியலாம். என் தங்கையின் அறிக்கையை வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்தேன். பை 10 மி.மீ., யோக் சாக் இருக்கிறது, பை கருப்பைக்குள் சரியான இடத்தில் இருக்கிறது. ஐந்தரை வாரத்துக்கு இது பொருத்தமான படம். ஏழு வாரத்துக்குத்தான் பொருந்தாது.

இதற்கு மருத்துவர்களிடம் தெளிவான அளவுகோல் உண்டு. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் கருவே தெரியவில்லை என்றாலோ, கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை என்றாலோதான் கரு நின்றுவிட்டது என்று ஒரே ஸ்கேனில் சொல்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் தீர்ப்பு கிடையாது, காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். யோக் சாக் தெரிந்திருந்தால் குறைந்தது 11 நாள், பை மட்டும் தெரிந்திருந்தால் இரண்டு வாரம். "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று அந்த மருத்துவர் சொன்னது கைகழுவிவிட்ட பேச்சு அல்ல. அவர் விதிப்படி நடந்திருக்கிறார். அதை இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் என் தங்கை அன்றிரவு இணைய மன்றத்துக்குள் போயிருக்கமாட்டாள் என்பது என் ஆதங்கம். மாலை நேர வெளிநோயாளர் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் போனாள். கர்ப்பிணிகளுக்கான ஒரு குழுவில் இரவு பதினொரு மணிக்கு, "ஏழு வாரம், சாக் மட்டும் இருக்கிறது, பேபி இல்லை, யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று எழுதினாள். விடிவதற்குள் இருபதுக்கு மேல் பதில்கள் வந்திருந்தன. எல்லாவற்றையும் நான் படித்தேன். எனக்கும் இப்படித்தான், கலைந்துவிட்டது, மனதைத் தேற்றிக்கொள் என்று ஐந்தாறு பேர். எனக்கும் இப்படித்தான், அடுத்த ஸ்கேனில் துடிப்பு வந்துவிட்டது, இப்போது என் மகனுக்கு இரண்டு வயது என்று நான்கு பேர். உடனே மாத்திரை போட்டு வெளியேற்றாவிட்டால் கருப்பையில் தொற்று வந்துவிடும் என்று ஒருவர். தினமும் அத்திப்பழமும் பேரீச்சையும் சாப்பிட்டால் துடிப்பு வரும் என்று ஒருவர். 16 மி.மீ. தாண்டினால் நம்பிக்கை இல்லை என்று அளவோடு எழுதிய ஒருவர். கோவில் பெயர் சொன்னவர்கள் மூவர்.

இத்தனை பேரில் ஒருவர்கூட "உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வரும்?" என்று கேட்கவில்லை. அறிக்கையில் யோக் சாக் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. பயமுறுத்தியவர்களும் கேட்கவில்லை, ஆறுதல் சொன்னவர்களும் கேட்கவில்லை. அந்த இரண்டு விவரமும் இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்கள் பிரிவில் புதிதாக வரும் மாணவிகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: விவரம் கேட்காமல் வரும் பதில் உங்களைப் பற்றியதல்ல, பதில் சொல்பவரைப் பற்றியது. அவர் தன் கதையைச் சொல்கிறார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அது பொருந்துமா என்பதற்கு மட்டும் அதில் எந்தத் துப்பும் இருக்காது.

16 மி.மீ. என்று எழுதியவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அள்ளிவிடவில்லை. ஒரு காலத்தில் பல நாடுகளில் 16 அல்லது 20 மி.மீ. என்ற அளவே வழக்கத்தில் இருந்தது. நல்ல கர்ப்பங்களும் தவறுதலாகக் கலைக்கப்பட்டுவிடக்கூடும் என்ற கவலையால் அளவைக் கூட்டினார்கள். அமெரிக்க நிபுணர்களின் பரிந்துரையில் 25 மி.மீ. என்ற அளவு வெளியானது 2013இல். அதற்கு முன் எழுதப்பட்ட பதிவுகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, தேடினால் மேலே வந்து நிற்கின்றன, அதைப் படித்தவர் நேற்றுத் தெரிந்துகொண்டதாக நினைத்து மறுபடி எழுதுகிறார். பதிவு எழுதப்பட்ட ஆண்டைப் பார்ப்பது கர்ப்பம் சம்பந்தமான எண்களில் மிக முக்கியம்.

மே 3ஆம் தேதி இரண்டாவது ஸ்கேன். கரு 12 மி.மீ. நீளம், துடிப்பு இருக்கிறது, ஏழு வாரம் நான்கு நாள் என்று அறிக்கை வந்தது. செயலி அன்று ஒன்பது வாரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை அளந்து கண்டுபிடிக்கும் வயதுதான் நமக்குக் கிடைப்பவற்றில் துல்லியமானது. அந்தப் பருவத்தில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. பிற்பாடு அப்பாவின் உயரம், அம்மாவின் உடல்நிலை எல்லாம் சேர்ந்து குழந்தைக்குக் குழந்தை அளவு மாறத் தொடங்கும். எனவே ஏழாவது மாத ஸ்கேனில் வரும் தேதியை வைத்துக்கொண்டு முதல் ஸ்கேனின் தேதியை மாற்றக் கூடாது. செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தில் இடறுகிறார்கள், கடைசி அறிக்கைதான் சரியானது என்று நினைத்து ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தேதியை மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

எப்போது மாற்ற வேண்டும்? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் கணக்கு எளிமையானது. மாதவிலக்குக் கணக்குப்படி ஒன்பது வாரம் நிறைவதற்கு முன் எடுத்த ஸ்கேன், அந்தக் கணக்கிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வாரத்திலிருந்து 13 வாரம் ஆறு நாள் வரை எடுத்ததானால் ஏழு நாளுக்கு மேல் விலக வேண்டும். என் தங்கைக்கு விலகல் பத்து நாள். மருத்துவர் பிரசவத் தேதியை டிசம்பர் 16 என்று மாற்றிப் பதிவேட்டில் எழுதினார். பெரும்பாலான செயலிகளில் பிரசவத் தேதியை நேரடியாக உள்ளிட வழி இருக்கும், அமைப்புப் பகுதியில் தேடினால் கிடைக்கும். அவள் மாற்றியதும் செயலி, ஏழாவது வாரத்துக்கு வாழ்த்துகள் என்று இரண்டாம் முறையாக வாழ்த்தியது. அதே புளூபெர்ரி. இந்த முறை அவள் சிரித்தாள்.

தேதியை மாற்றாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 11 வாரத்திலிருந்து 13 வாரம் ஆறு நாள் வரைக்குள் எடுக்க வேண்டிய, கருவின் பின்கழுத்துத் தடிப்பை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்குத் தவறான வாரத்தில் போய் நிற்பீர்கள். அப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவும் வாரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது, வாரம் தவறினால் ஆபத்துக் கணக்கும் தவறும். எட்டாவது மாதத்தில் "குழந்தை வாரத்துக்கேற்ற எடை இல்லை" என்ற பேச்சு வரும். கடைசியில் தேதி தாண்டிவிட்டது என்று வலி வருவதற்கு முன்பே ஊசி போட்டு வலியை வரவழைக்கும் முடிவு வரை அது போகலாம்.

இனி மன்றங்களின் பக்கம் திரும்புவோம். அவற்றை ஒதுக்கித்தள்ள நான் சொல்லமாட்டேன். மாமியார் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, இதே வாரத்தில் இருக்கும் இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதே பெரிய தெம்பு. காலையில் எழுந்திருக்கும் முன் இரண்டு வாய் பொரி மென்றால் குமட்டல் குறைகிறது, எந்தப் பக்கம் தலையணை வைத்தால் இடுப்பு வலிக்காது, மகப்பேறு நிதியுதவிக்கு எந்தக் காகிதம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் மருத்துவரைவிடச் சக கர்ப்பிணிகளுக்கு நன்றாகத் தெரியும். பிழையாகிப்போனாலும் நஷ்டமில்லாத ஆலோசனைகள் அவை. பொரி உதவாவிட்டால் விட்டுவிடலாம். பரிசோதனை முடிவுக்கு விளக்கம் சொல்வதும், மாத்திரையைத் தொடங்கு அல்லது நிறுத்து என்பதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்பதும் வேறு வகை. அவற்றில் பிழை வந்தால் ஈடுசெய்ய முடியாது.

மன்றத்தில் படிக்கும்போது யார் எழுதுகிறார்கள் என்பதைவிட யார் எழுதாமல் போகிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். லேசான ரத்தக்கசிவு என்று பயந்து எழுதும் பெண்ணுக்கு மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டால் அவள் திரும்பி வந்து "சரியாகிவிட்டது" என்று எழுதுவது அபூர்வம். இழந்தவள் எழுதுவாள், எழுதத்தான் வேண்டும், அவளுக்கு அது தேவை. ஆகவே ஒரு பக்கத்தில் பத்துப் பதில்களில் எட்டு இழப்புக் கதைகளாக இருந்தால், பத்தில் எட்டுப் பேருக்கு அப்படி நடக்கிறது என்று பொருளல்ல.

இன்னொரு குழப்பம் ஊர் விட்டு ஊர் வருவது. போன மாதம் 26 வாரக் கர்ப்பிணி ஒருவர் எங்களிடம் வந்தார். சர்க்கரைப் பரிசோதனையில் 146 வந்திருக்கிறது, ஆனாலும் உணவு ஆலோசகரைப் பார்க்க மறுத்தார். அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் மன்றத்தில் எழுதியிருந்தாராம்: "140 தாண்டினால் பயப்பட ஒன்றுமில்லை, அது முதல் பரிசோதனைதான், பெரும்பாலானவர்கள் இரண்டாவது பரிசோதனையில் தப்பிவிடுவார்கள்." அமெரிக்கப் பெண் சொன்னது அவருடைய ஊருக்கு உண்மை. அங்கே பரவலாகச் செய்வது, முதலில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. அது வெறும் சல்லடை. 140 தாண்டியவர்களுக்கு அடுத்து 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரப் பரிசோதனை செய்வார்கள், நோய் உண்டா என்பது அதில்தான் முடிவாகும். நம் நாட்டு அரசு வழிகாட்டுதலோ வேறு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுக்கிறோம். அதில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் கர்ப்பகால நீரிழிவு என்றே முடிவு, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இரண்டு ஊரிலும் 140 என்ற அதே எண்தான். கொடுத்த குளுக்கோஸும் காத்திருந்த நேரமும் வேறு. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பிரிட்டனிலிருந்து எழுதுகிறவர்கள் சர்க்கரையை 7.8 என்பது போல எழுதுவார்கள், அது நம் கணக்கில் 140. இங்கே 7.8 என்று யாராவது படித்துவிட்டுத் தன் அறிக்கையோடு ஒப்பிட்டால் மயக்கமே வந்துவிடும். வெளிநாட்டுக் குழுக்களில் இருபதாவது வார ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லிக் கேக் வெட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து, இங்கே ஸ்கேன் அறையில் கேட்பவர்களும் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். துடிப்பு 140க்கு மேல் இருந்தால் பெண் என்ற மன்றக் கணக்குக்கும் அடிப்படை எதுவும் இல்லை.

நம் ஊரிலேயே முளைத்த வதந்திகளில் என்னை அதிகம் பாடுபடுத்துவது இரும்புச்சத்து மாத்திரை பற்றியது. அதைச் சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் போட வேண்டும். வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வதந்தி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடுகிறது. உடல் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இரும்பு மலத்தோடு போகிறது, அப்போது மலம் கறுத்துவிடும். இரண்டாம் நாளே கண்ணால் பார்த்த கறுப்பு, குழந்தையின் மேல் ஏற்றப்பட்டுவிட்டது. தோலின் நிறம் பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது, இரும்புக்கு அதில் வேலையில்லை. ஆனால் அதே பேச்சுத் தொடரில், "டீயோடு மாத்திரை போடாதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள், குமட்டினால் இரவு படுக்கும் முன் போடுங்கள்" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மூன்றும் சரி. தேநீர் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும், வைட்டமின் சி கூட்டும். வதந்தியும் நல்ல ஆலோசனையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று: இந்த ஆலோசனை, மருத்துவர் தந்ததை நிறுத்தச் சொல்கிறதா, அல்லது அதை நன்றாகச் செய்ய உதவுகிறதா? நிறுத்தச் சொன்னால் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்துவதில்லை.

பப்பாளியும் இப்படித்தான். முழுக்கப் பொய்யுமில்லை, சொல்லப்படுவது போல முழு உண்மையுமில்லை. காயில் வடியும் பால், எலியின் கருப்பையைச் சுருங்க வைத்ததாகச் சோதனைக்கூட ஆய்வு இருக்கிறது, அதே ஆய்வில் நன்கு பழுத்த பழத்துக்கு அந்த விளைவு இல்லை. எனவே காயைத் தவிர்ப்பது நியாயம். கல்யாண வீட்டில் தெரியாமல் ஒரு துண்டுப் பழம் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அழுவதில் நியாயமில்லை.

பயமுறுத்தும் வதந்தியைவிட நான் அஞ்சுவது ஆறுதல் சொல்லும் வதந்தியைத்தான். கடைசி மாதத்தில் குழந்தைக்கு இடமில்லை, அதனால் அசைவு குறைவது சகஜம் என்பது அவற்றில் ஒன்று. மன்றங்களில் வாரந்தோறும் இந்தப் பதிலைப் பார்க்கிறேன், அனுபவசாலிகளே எழுதுகிறார்கள். உண்மை வேறு. அசைவு ஏறக்குறைய 32 வாரம் வரை கூடிக்கொண்டே போய், பிறகு பிரசவம் வரை அதே அளவில் நிற்கிறது. உதைப்பது நெளிவதாக மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் அன்றே, அது இரவானாலும், போய்ப் பார்க்க வேண்டும். இனிப்பு சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை வரை காத்திருப்பது, வீட்டில் வாங்கி வைத்த சிறு டாப்ளர் கருவியிலோ கைப்பேசிச் செயலியிலோ துடிப்பைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவது இரண்டும் தவறு. பழகாத காதுக்குத் தாயின் ரத்தக்குழாயில் கேட்கும் துடிப்பு குழந்தையுடையது போலவே இருக்கும். துடிப்பு இருந்தாலும் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அது சொல்லிவிடாது.

செயலியில் இருக்கும் அசைவு எண்ணும் பொத்தானைப் பயன்படுத்தலாம், ஒரு நோட்டுப்புத்தகமாக மட்டும். உங்கள் குழந்தை எந்த நேரத்தில் துள்ளும், எப்போது தூங்கும் என்று இரண்டு வாரம் குறித்து வந்தால் மாற்றம் வரும்போது சட்டென்று தெரியும். செயலி பச்சை நிறம் காட்டுகிறது என்பதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, பார்வை மங்குவதோடு வரும் கடும் தலைவலி, ஆரம்ப வாரங்களில் ஒரு பக்க அடிவயிற்று வலியோடு மயக்கம் ஆகியவற்றுக்கும் மன்றத்தில் கேள்வி எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

செயலிகளைப் பற்றி இன்னொன்று. இலவசமாகக் கிடைப்பவற்றில் பல விளம்பரத்தால் ஓடுகின்றன. கர்ப்பிணி என்ற தகவலே விளம்பரக்காரர்களுக்கு விலை மதிப்புள்ளது, ஏனென்றால் தொட்டில் முதல் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு வரை அந்த ஒன்பது மாதத்தில்தான் விற்க முடியும். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ஃப்ளோ என்ற மாதவிலக்கு, கர்ப்பக் கண்காணிப்புச் செயலியின் மீது, பயனாளிகளின் உடல்நிலைத் தகவல்களை ரகசியமாக வைப்பதாக வாக்களித்துவிட்டு ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தந்ததாகக் குற்றம்சாட்டியது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்துக்கு வந்தது. என் தங்கையிடம் நான் சொன்னது, உண்மைப் பெயரும் முகநூல் கணக்கும் கொடுக்காதே, இருப்பிட அனுமதியைத் தராதே, வாரம் தெரிந்தால் போதும் என்பது. இன்னொன்றையும் சொல்ல நினைத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கரு நிலைக்காமல் போனால் அதைச் செயலியில் பதிந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது வாராவாரம் பழத்தின் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்களிடம் வந்த ஒருவருக்கு ஆறு வாரம் அப்படி வந்தது. கணவர்தான் பார்த்து நீக்கினார்.

நவம்பர் 4ஆம் தேதி, 34 வாரத்தில், தங்கை மாலையில் அழைத்தாள். மதியத்திலிருந்து அசைவு குறைவாகத் தெரிகிறது, மன்றத்தில் சகஜம் என்கிறார்கள், என்ன செய்யட்டும் என்றாள். ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். வயிற்றில் பட்டை கட்டி இருபது நிமிடம் துடிப்பைப் பதிவெடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரவு ஒன்பது மணிக்கு அனுப்பிவைத்தார்கள். வீண் அலைச்சல் என்று மைத்துனர் முணுமுணுத்தாராம். நான் அவரிடம் எதுவும் பேசவில்லை, மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்து, இன்னும் ஒரு முறை இப்படி ஆனால் திரும்பவும் போக வேண்டுமா என்று கேட்டார். போக வேண்டும் என்றேன்.

டிசம்பர் 19ஆம் தேதி விடியற்காலை, தானாக வலி வந்து பெண் குழந்தை பிறந்தது. மாற்றிய தேதிப்படி 40 வாரம் மூன்று நாள். பழைய தேதியே இருந்திருந்தால் 41 வாரம் ஆறு நாள் ஆகியிருக்கும், அதற்கு ஒரு வாரம் முன்பே அவளைச் சேர்த்து ஊசி போட்டிருப்பார்கள். குழந்தையைத் துடைத்து அவள் மார்பில் போட்ட சமயம், மேசையில் கிடந்த கைப்பேசியில் செயலியின் செய்தி ஒளிர்ந்தது. "இன்னும் காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தது.